காதை நம்புவதா, பயனிலையிலிருந்து தொடங்குவதா?

போட்டிப் பரீட்சைகளில் வரும் வாக்கியப் பிழை வினாக்களை எங்கள் அட்டன் மாலை வகுப்பில் இரண்டு வழிகளில் அணுகுகிறார்கள். சிலர் வாக்கியத்தை முதலிலிருந்து மனதுக்குள் வாசித்துக் காதுக்கு உறுத்தும் இடத்தைப் பிழையென்று குறிக்கிறார்கள். மற்றவர்கள் கடைசிச் சொல்லாகிய பயனிலையில் தொடங்கி, ஒரே வரிசையில் பின்னோக்கிச் சோதிக்கிறார்கள்.

பின்வரும் வாக்கியத்தை இரு வழிகளிலும் பார்க்கலாம்: "தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகள் அடங்கிய மகஜர் நேற்று அமைச்சரிடம் கையளிக்கப்பட்டன."

காதை நம்பிய மாணவி ஒருவர், முதற்சொல்லில் 'த்' வேண்டுமா என்று யோசித்து, அதன்கீழ்ப் பென்சிலால் மெல்லிய கோடிட்டு, அங்கேயே ஒரு நிமிடத்தைச் செலவழித்துவிட்டார். அந்த ஒற்று சரியானதே. 'கோரிக்கைகள்' என்ற பன்மை காதில் நின்றுவிட்டதால் 'கையளிக்கப்பட்டன' என்பது அவருக்கு உறுத்தவேயில்லை. பயனிலையில் தொடங்கியவரோ "கையளிக்கப்பட்டது எது?" என்று கேட்டார். விடை மகஜர்; அது ஒருமை. 'அடங்கிய' என்ற பெயரெச்சத்துக்கு முன்னுள்ளவை மகஜரை விளக்குவன மட்டுமே என்பதால், 'கையளிக்கப்பட்டது' என்பதே சரி.

காது ஏமாறுவதற்கு மொழியிலேயே காரணம் இருக்கிறது. பேச்சில் "மாடு வந்துச்சு", "மாடுகள் வந்துச்சு" என இரண்டுக்கும் ஒரே வினைமுடிவையே சொல்கிறோம்; 'வந்தன' என்பது எழுத்தில்தான் வாழ்கிறது. ஆகவே அஃறிணைப் பன்மையில் வீட்டுப் பேச்சைச் சாட்சிக்கு அழைப்பது வீண்.

நான் பரிந்துரைக்கும் வரிசையில், பயனிலைக்கும் எழுவாய்க்கும் உள்ள திணை, பால், எண், இட இயைபு முதலில் வரும். அடுத்துக் காலம், பின்னர் எண்ணிக்கைச் சொற்கள், அதன்பின் வேற்றுமை உருபு, இறுதியாகச் சந்தி. "ஒவ்வொரு லயன்களிலும் குடிநீர்க் குழாய் பொருத்தப்பட்டது" என்பதில் குழாய் ஒருமையாதலால் முதற்சோதனை பிழையின்றி முடிகிறது, காலத்திலும் குறையில்லை, மூன்றாவதில்தான் 'ஒவ்வொரு' என்பதன்பின் ஒருமையே வரவேண்டும், 'லயனிலும்' என்றிருக்கவேண்டும் என்பது தெரிகிறது. சந்தியைக் கடைசிக்குத் தள்ளுவதன் காரணம், எல்லாச் சொற்களுக்கிடையிலும் அது ஐயத்தைக் கிளப்பி நேரத்தை விழுங்கும் என்பதுதான்.

ஆனால் இந்த வரிசை கைவிடும் இடமும் உண்டு. "மயில் கூவியது" என்பதில் இயைபு, காலம், உருபு, சந்தி அனைத்தும் சரியாகவே இருக்கும். மயில் அகவும், குயில்தான் கூவும் என்ற மரபை முன்பே அறிந்தவருக்கு மட்டுமே அது உறுத்தும். 'அன்று', 'அல்ல' விடயத்திலும் அப்படித்தான்: "இது பழம் அல்ல" என்று செய்தித்தாளில் நாள்தோறும் வாசிப்பவரின் காது அதனை ஏற்றுக்கொள்ளும், இலக்கணப்படியோ ஒருமைக்கு 'அன்று', பன்மைக்கு 'அல்ல'. முன்னதில் காது உதவுகிறது, பின்னதில் கெடுக்கிறது. ஆதலால் ஐந்து சோதனைகளிலும் பிழை அகப்படாத வாக்கியத்தை மட்டும் ஒருமுறை முன்னிருந்து வாசித்துப் பார்க்கும்படி மாணவர்களிடம் சொல்கிறேன்.