ஹியூவா, விஸ்ஸா, ஸ்மார்ட் லைஃபா? பல்பின் கழுத்தைப் படம் எடுங்கள்

ஏற்காட்டில் ஒரு ஹோம்ஸ்டேயைக் குத்தகைக்கு எடுத்த நண்பர், முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன, போனிலிருந்து இயக்கும் ஸ்மார்ட் பல்புகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "அண்ணா, எல்லாம் பிலிப்ஸ்தான். எந்த ஆப் போடணும்? தனியா பெட்டி வாங்கணுமா?"

பிலிப்ஸ் என்ற பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பெயரில் இரண்டு தனித்தனி குடும்பங்கள் உண்டு: ஹியூ, விஸ். இரண்டுமே சிக்னிஃபை நிறுவனத்துடையவை. ஆனால் ஒன்றின் ஆப்பில் மற்றொன்றைச் சேர்க்க முடியாது. எரிகிற பல்பை எதிரில் நின்று எடுத்த படத்தில் இரண்டும் ஒரே வெள்ளைக் குமிழ்தான். கூகுள் லென்ஸில் போட்டாலும் அது வடிவத்தைத்தான் ஒப்பிடும், அதனால் தவறான பெயர் வர வாய்ப்பு அதிகம்.

சுவிட்சை அணைத்து, பல்பு ஆறியதும் கழற்றி, பித்தளைத் தொப்பிக்கு மேலே இருக்கும் கழுத்துப் பகுதியைப் படம் எடுக்கச் சொன்னேன். சாம்பல் நிறப் பொடி எழுத்து என்பதால், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்தால்தான் படிக்க முடியும்.

ஹால் பல்பில் மாடல் பெயர் LCA என்று தொடங்கியது, பக்கத்தில் ஆறு எழுத்து வரிசை எண்ணும் இருந்தது. சந்தேகமே இல்லை, ஹியூ. LTA, LWA என்று தொடங்கினாலும் ஹியூதான். வராந்தா பல்பில் விஸ் என்ற பெயரே சின்னதாக அச்சாகியிருந்தது. 9290 என்று தொடங்கும் நீண்ட எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது இரண்டு குடும்பத்திலும் வரும்.

சரி, பெட்டி வேண்டுமா? விஸ் பல்புக்கு வேண்டாம். அது வீட்டு வைஃபையில் நேராகச் சேரும், ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இயங்கினால் போதும். ஹியூ பேசுவது ஜிக்பீ என்ற வேறு வயர்லெஸ் முறையில், அதற்கு ஹியூ பிரிட்ஜ் என்ற பெட்டி வேண்டும். கழுத்தில் புளூடூத் குறியும் இருந்தால் பிரிட்ஜ் இல்லாமலே ஹியூ ஆப்பில் சேர்க்கலாம். ஆனால் பத்து பல்பு வரைக்கும்தான், போனும் பக்கத்தில் இருக்க வேண்டும். நண்பரின் ஹால் பல்பில் அந்தக் குறி இருந்தது. ஒரே ஒரு ஹியூ பல்புக்காகப் பிரிட்ஜ் வாங்குவது வீண் செலவு என்பதே என் கருத்து. வீடு முழுக்க ஹியூ இருந்திருந்தால் வாங்கத்தான் சொல்லியிருப்பேன். இணையம் போனாலும் வீட்டுக்குள் விளக்குகள் ஆப்பின் சொல் கேட்கும். மழைக்காலத்து மலையில் அது பெரிய வசதி.

மூன்றாவது வகைதான் நம் கடைகளில் அதிகம்: கேள்விப்படாத பெயரில் வரும் பல்பும் பிளக்கும். இவற்றில் பலவற்றுக்கு உள்ளே இருப்பது டூயா என்ற நிறுவனத்தின் தொழில்நுட்பம், அதனால் ஸ்மார்ட் லைஃப் ஆப்பில் சேர்ந்துவிடும். விப்ரோவின் சொந்த ஆப்கூட டூயா தளத்தில்தான் ஓடுகிறது. பல்பில் பெயரே அழிந்திருந்தால், பிஐஎஸ் முத்திரைக்குக் கீழே R- என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். பிஐஎஸ் கேர் ஆப்பில் அதை இட்டால் தயாரிப்பாளர் யார் என்று தெரியும். எந்த ஆப் என்று அது சொல்லாது. ஆனால் தேட ஒரு பெயர் கிடைத்துவிடும்.

பிளக்கில் எழுத்து எதுவும் இல்லையென்றால் அதையே பேச வைக்கலாம். பொத்தானை ஐந்து நொடிக்கு மேல் அழுத்தினால் விளக்கு வேகமாகச் சிமிட்டும். இன்னொரு முறை அதேபோல் அழுத்துங்கள், டூயா பிளக்காக இருந்தால் சிமிட்டல் மெதுவாகும். அப்போது போனின் வைஃபை பட்டியலில் ஒரு புதுப் பெயர் தெரியும்:

```
SmartLife-xxxx    → டூயா வகை
Tapo_Plug_xxxx    → டாப்போ ஆப்
ITEAD-xxxx        → ஈவீலிங்க் ஆப்
```

புதிய பிளக்குகள் சில புளூடூத் வழியாகச் சேர்வதால் இந்தப் பெயர் வராமலும் போகலாம். அப்போது புளூடூத்தை ஆன் செய்து ஸ்மார்ட் லைஃப் ஆப்பைத் திறந்தால், டூயா வகை தானாகவே திரையில் வரும்.

இன்னொன்று. கரண்ட் போய்ப் போய் வரும்போது விஸ், டூயா பல்புகள் தாமாகவே இணைப்பு நிலைக்குப் போய்விடும், ஏனென்றால் சுவிட்சைச் சில முறை போட்டு அணைப்பதுதான் அவற்றுக்கு ரீசெட். டூயா பல்பு படபடவெனச் சிமிட்டும், நிறம் மாறும் விஸ் பல்பு நீல நிறத்தில் மங்கி மங்கி எரியும். பழுது என்று தூக்கிப் போட வேண்டாம். அந்த எரியும் விதமே அது எந்த வகை என்பதற்கான துப்பு, ஆகவே வீடியோவாக எடுத்து அனுப்புங்கள்.

வீடியோ டோர்பெல் கதை வேறு. மாடல் எண் பெரும்பாலும் பின் தகட்டைக் கழற்றினால்தான் தெரியும். தெரிந்தாலும், முந்தைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து நீக்காதவரை பெரும்பாலான டோர்பெல்கள் புதிய கணக்கில் சேராது. நண்பரிடம், ஆப்பைத் தேடுவதற்கு முன்னால் வீட்டுக்காரருக்குப் போன் போடச் சொன்னேன்.

படம் அனுப்பும்போது கியூஆர் குறியீட்டையும் அதனருகில் உள்ள எண்களையும் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். மேட்டர் என்ற பொதுத் தரத்தில் இயங்கும் சாதனத்தில் அந்த 11 இலக்க எண்தான் அதைச் சேர்ப்பதற்கான சாவி. ஆப்பைக் கண்டுபிடிக்க மாடல் எண்ணே போதும்.