டெல்ரின் என்று சொல்லி நைலானைத் தலையில் கட்டிவிட்டார்கள், ₹38,400 போச்சு. ராடு வாங்குகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூர் பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தண்ணீர் பாட்டில் நிரப்பும் ஆலைகளுக்கு ஷாஃப்ட் உள்ளே சுற்றுகிற புஷ், ரோலர் மாதிரியான பிளாஸ்டிக் சாமான்கள் கடைந்து கொடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. போன மாதம், தொழில்காரர்கள் மொத்தமாகச் சரக்கு வாங்கும் ஒரு ஆப்பில் வெளியூர் டீலர் ஒருவரிடம் 50 மில்லி டெல்ரின் ராடு, வெள்ளை, ஒரு மீட்டர் நீளம், நாற்பது ராடு எடுத்தேன். ராடு ஒன்று ₹960, மொத்தம் ₹38,400, முழுப்பணமும் முன்கூட்டியே. ஆப் பெயரும் டீலர் பெயரும் போடவில்லை, புகார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் சாம்பிள் கேட்டேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் துண்டு கூரியரில் வந்தது, சுத்தமான டெல்ரின், அதில் குறையே இல்லை. அப்புறம் டீலரே வீடியோ காலில் வந்து கோடவுனில் ராடு அடுக்கியிருப்பதைக் காட்டி, ஒரு சீவலை இடுக்கியில் பிடித்து லைட்டரால் பற்றவைத்து, "பாருங்க சார், புகையே இல்ல, நீலமா எரியுது, வேற எந்தப் பிளாஸ்டிக்கும் இப்படி எரியாது" என்றார். உண்மைதான், டெல்ரின் அப்படித்தான் எரியும், பகல் வெளிச்சத்தில் சுடரே கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அவர் எரித்த சீவல் எந்த ராடில் இருந்து வந்தது என்று போனில் எப்படித் தெரியும்? அந்த வீடியோவை நம்பித்தான் பணம் போட்டேன்.

சரக்கு பிளாஸ்டிக் ஷீட் சுற்றி நாலு கட்டாக வந்தது. மேலே இருந்த ராடுகளை எடுத்துக் கடைந்து ஒரு ஆலைக்கு புஷ் கொடுத்தோம், நன்றாக ஓடியது. அடுத்த லாட் கடையும்போதே லேத்தில் நிற்கும் பையன், "அண்ணே, இது வேற மாதிரி சுத்துது, சீவல் உடையவே மாட்டேங்குது, டூல்ல நூல் மாதிரி சுருட்டிக்குது" என்றான். டூல் முனை போயிருக்கும் என்று புதுசு மாற்றிப் பார்த்தான், அப்போதும் அதேதான். அளவு சரியாக வந்ததால் அனுப்பிவிட்டோம்.

சில வாரத்தில் ஆலையிலிருந்து போன்: ஷாஃப்ட் இறுகுது, மோட்டார் டிரிப் ஆகுது. போய்க் கழற்றினால் 25 மில்லி ஷாஃப்டை புஷ் கவ்விப் பிடித்திருக்கிறது. நாங்கள் உள்விட்டத்தில் 0.12 மில்லி இடைவெளி விட்டிருந்தோம், அது மொத்தமும் காணோம். வேடிக்கை என்னவென்றால், அதே மெஷினில் பக்கத்து புஷ் ஒன்றுமே ஆகாமல் இருந்தது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கடைசலில் தப்பு என்றால் எல்லாமே ஒரே மாதிரி இறுக வேண்டும். சில புஷ் மட்டும் தண்ணீரைக் குடித்து ஊதியிருக்கிறது என்றால் சரக்கே இரண்டு விதம்.

நைலான் தண்ணீர் குடிக்கும். நைலான் 6 தண்ணீரிலேயே கிடந்தால் தன் எடையில் சுமார் 9 சதவீதம் வரை உறிஞ்சும். டெல்ரின் ஒரு சதவீதத்தைக் கூடத் தொடாது. புஷ்ஷின் வெளிப்பக்கத்தை ஹவுசிங் இறுக்கிப் பிடித்திருப்பதால் ஊதுகிற சதை உள்பக்கம்தான் வர முடியும், அதனால் ஷாஃப்டைப் பிடிக்கிறது. தடிமனான துண்டில் தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும், அதனால்தான் முதல் நாளே தெரியாமல் வாரக்கணக்கில் கழித்துத் தெரிகிறது. நைலான் கெட்ட சரக்கு என்று சொல்லவில்லை. தண்ணீர் படாத கப்பிக்கு நானே அதைத்தான் போடுவேன். தண்ணீருக்குள் ஓடும் புஷ்ஷுக்கு டெல்ரின் கேட்பதே இதற்காகத்தான்.

பட்டறையில் லேப் எல்லாம் கிடையாது. நகைக்கடை மாதிரி ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு, கல்லுப்பு, லைட்டர், அவ்வளவுதான். முதலில் அடர்த்தி. சந்தேகப்பட்ட ராடில் இருந்து ஒரு வில்லை வெட்டி நிறுத்தேன்: 24.1 கிராம். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து சைபர் ஆக்கிவிட்டு, வில்லையை நூலில் கட்டி அடியிலும் ஓரத்திலும் இடிக்காமல் முழுசாக மூழ்கவிட்டேன். தராசு 21.1 காட்டியது. அதுதான் துண்டின் கன அளவு, சிசியில். எடையை அதனால் வகுத்தால் 1.14. சாம்பிளாக வந்த துண்டு 29.6 கிராம், தண்ணீரில் 21.0, அதாவது 1.41. டெல்ரினுக்கு 1.41, நைலான் 6-க்கு 1.14 என்பதுதான் கணக்கு, தெளிவாகப் பிரிந்துவிட்டது. துண்டில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கன அளவு கூடி அடர்த்தி குறைவாகக் காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, விரலால் துடைத்துவிட்டு மூழ்கவிடுங்கள்.

தராசு இல்லையென்றால் உப்புத் தண்ணீர் போதும். ஒரு லிட்டருக்கு 350 கிராமுக்கு மேல் உப்பு போட்டு, அடியில் கொஞ்சம் கரையாமல் நிற்கும் வரை கலக்கினால் அதன் அடர்த்தி 1.2-க்குப் பக்கத்தில் வந்துவிடும். நைலான் அதில் மிதக்கும், டெல்ரின் மூழ்கும். நாற்பது ராடிலும் ஒவ்வொரு சீவல் எடுத்து பக்கெட்டில் போட்டோம். மூழ்கியது ஏழு. மீதி முப்பத்து மூன்றும் மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. கட்டின் மேலடுக்கில் மட்டும் ஒரிஜினலை வைத்து உள்ளே நைலானைச் சொருகியிருக்கிறார்கள்.

மூழ்கியது எல்லாம் டெல்ரின் என்று அர்த்தம் இல்லை. பிவிசி, பெட் இரண்டுமே 1.4-க்குப் பக்கத்தில்தான், கண்ணாடி நார் கலந்த நைலானும் உப்புத் தண்ணீரில் மூழ்கிவிடும். அதனால்தான் எரித்தும் பார்க்க வேண்டியிருக்கிறது. தீக்குச்சி அளவு சீவல் போதும், வெளியே காற்றில், கீழே மணல் தட்டு வைத்து. நைலான் அடியில் நீலமாக, நுனியில் மஞ்சளாக எரிந்து, நுரைத்துக் கொப்பளித்து, லைட்டரை எடுத்ததும் அணையப் பார்க்கும். உருகிய நுனியைக் கம்பியால் தொட்டு இழுத்தால் நூல் வரும், வாசனை தலைமுடி பொசுங்கின வாசனையேதான். டெல்ரின் சத்தமில்லாமல் நீலமாக எரியும், புகை வராது, சொட்டினால் சொட்டும் எரியும், வாசனை ஃபார்மலின், கண்ணைக் கரிக்கும். முகத்தை மேலே கொண்டுபோகாதீர்கள், கையால் விசிறி லேசாக முகர்ந்தால் போதும், அது நல்ல வாயு இல்லை. சுடர் ஓரம் பச்சையாக வந்து மூக்கைக் குத்தினால் பிவிசி, உடனே அணைத்துவிடுங்கள்.

இதையெல்லாம் வீடியோ எடுத்து டீலருக்கு அனுப்பினேன். முதலில், "லாட் மாறினா கலர் லேசா மாறும் சார்" என்றார். நான் கலரைப் பற்றிப் பேசவே இல்லை. அப்புறம், "உங்க லேத்ல சூடு ஏறியிருக்கும், அதான் ஊதுது." சூட்டில் ஊதினது தண்ணீரில் போட்டபிறகா தெரியும்? கடைசியில், "அசிட்டோன்ல போட்டுப் பாருங்க சார், கரையலேன்னா ஒரிஜினல்." போட்டேன், கரையவில்லை. உடனே, "பாத்தீங்களா!" என்கிறார். யோவ், நைலானும்தான் அசிட்டோனில் கரையாது! ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்குச் செய்யவேண்டிய டெஸ்ட் அது. டெல்ரின், நைலான் இரண்டும் அதில் பேசாமல் கிடக்கும். இந்த அசிட்டோன் கதையைச் சொல்லி எத்தனை பேரை அனுப்பி வைத்திருப்பாரோ.

இவை இரண்டையும் பிரிக்கிற திரவம் ஃபார்மிக் ஆசிட். கன்னியாகுமரி பக்கம் ரப்பர் பால் உறைய வைக்க விற்கிறார்களே, அதுதான், 85 சதவீதம். அங்கே இருக்கும் நண்பர் மூலமாகக் கொஞ்சம் வாங்கி, சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு சீவலையும் தனித்தனியாகப் போட்டேன். மெல்லிய நைலான் சீவல் ஓரம் வழுவழுப்பாகி, கொஞ்ச நேரத்தில் கஞ்சி பதத்துக்குக் கரைந்துவிட்டது. அதில் தண்ணீர் ஊற்றினால் வெள்ளையாகத் திரிந்து பிரிகிறது. டெல்ரின் சீவல் போட்ட மாதிரியே கிடந்தது. தடிமனாக வெட்டிப் போட்டால் கரைய ரொம்ப நேரமாகும், கரையவில்லை என்று ஏமாந்துவிடாதீர்கள். கையில் பட்டால் கொப்பளம்தான், கிளவுஸும் கண்ணாடியும் இல்லாமல் தொடவேண்டாம். நைலான் 6-ஆ 66-ஆ என்று மட்டும் இந்த டெஸ்ட் சொல்லாது, இரண்டுமே கரையும்.

ஆப் கஸ்டமர் கேரில் இன்னும் மோசம். "ரிட்டர்ன் காலம் முடிஞ்சிடுச்சு", "வெட்டின சரக்கைத் திருப்பி எடுக்க முடியாது", "லேப் ரிப்போர்ட் இருந்தா அனுப்புங்க." சரி என்று பிளாஸ்டிக் டெஸ்ட் செய்யும் அரசு நிறுவனமான கிண்டி சிப்பெட்டில் காசு கட்டி டெஸ்ட் செய்து, பாலிஅமைடு 6, அதாவது நைலான் 6 என்று எழுத்தில் வாங்கி அனுப்பினேன். பதில்: "இந்தத் துண்டு எங்க டீலர் கொடுத்த ராடுதான்னு என்ன ஆதாரம்?" அதற்குப் பிறகு டிக்கெட்டை அவர்களே மூடிவிட்டார்கள். டீலர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். பில்லை எடுத்துப் பார்த்தால் "இன்ஜினியரிங் பிளாஸ்டிக் ராடு, வெள்ளை" என்று இருக்கிறது, டெல்ரின் என்ற பேச்சே இல்லை. ₹38,400, அதற்கு மேல் ஆலைக்கு இலவசமாக மாற்றிக்கொடுத்த புஷ் தனி, பையனின் கூலி தனி.

எப்படித் தப்பிப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆலையிலிருந்து மறுபடி போன் வந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். ராடு கணக்கில் வாங்காதீர்கள், கிலோ கணக்கில் வாங்குங்கள். 50 மில்லி, ஒரு மீட்டர் டெல்ரின் ராடு 2.77 கிலோ வரவேண்டும், நைலான் 2.24-தான் வரும், அரை கிலோ வித்தியாசத்தை மளிகைக்கடைத் தராசே சொல்லிவிடும். பில்லில் டெல்ரின் அல்லது அதன் பொதுப்பெயரான பிஓஎம் என்று எழுதாமல் பணம் போடாதீர்கள். கட்டைப் பிரிப்பதிலிருந்து ராடை நிறுப்பது வரை ஒரே வீடியோவாக எடுங்கள். நடு அடுக்கில் இருந்து சீவி உப்புத் தண்ணீரில் போடுங்கள், மேலடுக்கில் இருந்து வேண்டாம். அசிட்டோன் டெஸ்ட் என்று எவனாவது ஆரம்பித்தால் போனை வைத்துவிடுங்கள். இதே மாதிரி வெள்ளை ராடில் மாட்டினவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் ஊரை மட்டும் போடுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம்.