மடக்கு ஏணி: ஆறு கீலும் பூட்டியதா என்று எப்படித் தெரியும்?

பல்லடத்தில் தறி போட்டிருக்கும் மாமா பையன் கேட்டான்: "மச்சா, நீ வெச்சிருக்கற அலுமினிய ஏணி வெல எறங்கியிருக்குது, எடுத்துரட்டுமா?" நான்கு துண்டு, துண்டுக்கு மூன்று படி, ஆறு கீல் உள்ள அந்த ரகத்தைத்தான் கேட்கிறான். சோமனூரில் எங்கள் தறிக்கூடத்தில் ஆண்டுக்கணக்காக உழைத்ததும் அதுதான்.

ஏணியில் எனக்குப் பிடித்தது நிறைய உண்டு. மடித்தால் ஆம்னி வண்டியின் பின்னால் அடங்கிவிடும். ஒரே ஆள் தூக்கலாம். ட்யூப்லைட் மாற்ற 'ஏ' வடிவம், ஓட்டுக்கு ஏற நேர் ஏணி, இரண்டுக்கும் இது ஒன்றே போதும். மூங்கில் ஏணியைச் சுமந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

என்னைக் கடுப்பேற்றுவது கீல்தான். கீல்கள் மூன்று ஜோடிகளாக இருக்கின்றன. ஒவ்வொரு கீலுக்குள்ளும் ஸ்பிரிங் தள்ளும் ஒரு பின் உண்டு. ஏணி சரியான கோணத்துக்கு வந்ததும் அது ஓட்டைக்குள் பாய்ந்து பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு ஜோடியில் இடது பக்கம் பூட்டி, வலது பக்கம் பாதியில் நின்றாலும் 'டக்' சத்தம் வந்துவிடும். தறி ஓடும்போது அந்தச் சத்தமும் கேட்காது. நேர் ஏணியாகச் சாய்த்தால் நம் எடை நடுவில்தான் வளைக்கும். பாதியே நுழைந்திருக்கும் பூட்டுப் பின் அந்த இடத்தில்தான் நழுவும்.

அதனால் எங்கள் கூடத்தில் காதை நம்புவதில்லை. ஏணியைத் தரையில் படுக்கவைத்து விரித்து, ஆறு கீலையும் கண்ணால் பார்ப்போம். பின்னை விடுவிக்க இழுக்கும் பிடி ஒவ்வொரு கீலிலும் உண்டு. ஒரே ஜோடியின் இரண்டு பிடிகளும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு நிலையில் தெரிந்தால் ஒரு பக்கம் பூட்டவில்லை. அப்புறம் பிடியைத் தொடாமல், கீலுக்கு இரண்டு புறமும் சட்டத்தைப் பிடித்து மடக்கிப் பார்ப்போம். துளி மடங்கினாலும் யாரும் ஏறக்கூடாது.

ஏன் பூட்டவில்லை என்பதைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். சட்டத்தை லேசாக ஆட்டியதும் பின் 'டக்'கென்று இறங்கினால், ஓட்டைகள் நேராக அமையவில்லை. ஏணி மேடுபள்ளத்தில் கிடக்கலாம். சமதளத்தில் போட்டும் ஒவ்வொரு முறையும் ஆட்ட வேண்டியிருந்தால் சட்டமே முறுக்கியிருக்கும், அதற்கு வைத்தியம் இல்லை. பிடியை இழுத்து விட்டதும் பின் சோம்பலாக ஊர்ந்து திரும்பினால் உள்ளே அழுக்கு. திரும்ப வரவே இல்லை என்றால் ஸ்பிரிங் போய்விட்டது.

எங்களுக்கு வந்தது அழுக்கு. பின் இறுகுகிறது என்று தறிக்கு விடும் எண்ணெயையே கீலுக்கும் விட்டிருக்கிறார்கள். பறக்கும் பஞ்சுத் தூசி அதில் ஒட்டி, களி மாதிரி உள்ளே அடைத்துக்கொண்டது. கம்ப்ரசர் காற்றால் ஊதி, மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டோம். கடைசியில் கிராஃபைட் தூள் மட்டும் போட்டோம். அது ஈரமில்லாததால் பஞ்சு ஒட்டுவது குறைவு. பூட்டுப் பின் பழையபடி பாய்ந்தது. ஆனால் இந்த ஊர்ப் பஞ்சுக்கு இந்த வேலை அடிக்கடி வந்துகொண்டே இருந்தது.

இன்னொரு கீலில் ஸ்பிரிங்கும் போனது. வாங்கின கடையில் கேட்டால், "கீல் தனியா வராதுங்க, புது ஏணியே எடுத்துக்குங்க" என்கிறார்கள். 150 கிலோ தாங்கும் என்று ஸ்டிக்கர் ஒட்டத் தெரிகிறது, அந்த எடையைத் தாங்கும் கீலைத் தனியாக விற்க மனம் வரவில்லை! அந்த ஏணியை இப்போது ஓரமாக வைத்திருக்கிறோம்.

மாமா பையனிடம் தறிக்கூடத்துக்கு இதை எடுக்காதே என்றேன். ஒரே உயரத்தில் வேலை என்றால், பூட்டும் கீல் இல்லாத சாதாரண இரண்டுகால் ஏணி போதும். வீட்டுக்கு என்றால் நானே இன்னொன்று வாங்குவேன். அவ்வளவு வசதி.

வாங்குகிறவர்கள் படியையும் கவனியுங்கள். படியின் முனையைச் சட்டத்துக்குள் விரித்து நசுக்கித்தான் பொருத்தியிருப்பார்கள். இரண்டு கையாலும் படியைப் பிடித்து முறுக்குங்கள், சுழலக்கூடாது. சந்தேகமாக இருந்தால் படியும் சட்டமும் சேரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். சில நாள் கழித்து அந்தக் கோடு விலகியிருந்தாலோ, மூட்டைச் சுற்றிக் கருஞ்சாம்பல் பொடி தெரிந்தாலோ படி ஆடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பட்டறையில் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பார்கள். வேண்டாங்க. சூடு பட்ட இடத்தில் அந்த அலுமினியம் பலம் இழக்கும். வெல்டிங் அப்படியே நிற்க, பக்கத்தில் முறியும். அப்படிப்பட்ட ஏணியைச் சட்டம் அறுத்துவிட்டே பழைய இரும்புக்காரரிடம் கொடுங்கள், வேறு யாரும் எடுத்து ஏறிவிடக் கூடாது.