மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு போட்டோவை மட்டும் அனுப்பி கர்ட்டன் வாங்காதீர்கள்: 13,400 ரூபாய் போச்சு

நேற்று மாலைதான் மாட்டிவிட்டுப் போனார்கள். கோபம் இன்னும் ஆறவில்லை. கர்ட்டனின் நீளம், துணியின் கனம், ராடின் உயரம் என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். எவ்வளவு முடிகிறதோ பார்க்கிறேன்.

திருச்சியில் எங்கள் வீட்டு ஹால் ஜன்னல் மேற்குப் பார்த்தது. 6 அடி அகலம். நிலையின் மேல்விளிம்பு தரையிலிருந்து 7 அடி. மதியம் இரண்டரைக்கு மேல் அங்கே உட்கார முடியாது. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அவர் கட்டில் அந்த ஜன்னலுக்கு எதிரில்தான் இருக்கிறது, வெளிச்சம் பட்டால் கண்ணைத் திறக்க மாட்டார். அவருக்காகத்தான் இந்தச் செலவே.

ஆன்லைனில் கர்ட்டன் தைத்துக் கொடுக்கும் ஒரு கடை. பெயர் வேண்டாம். "ஜன்னலை போட்டோ எடுத்து அனுப்புங்க மேடம், மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். நாலு மணி வெயிலில் எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அதே படத்தில் கர்ட்டனை ஒட்டித் திருப்பி அனுப்பினார்கள். நிலைக்கு நன்றாக மேலே ராடு, தரை வரை இறங்கும் கனமான சாம்பல் நிறத் துணி, ஒரு கீற்று வெளிச்சம் இல்லை. அப்பாவிடம் காட்டினேன், "நல்லா இருக்கும்மா" என்றார். அந்த நிமிடமே 13,400 ரூபாயையும் கட்டிவிட்டேன். அளவெடுக்க ஆள் வருவாரா என்று கேட்கக்கூட இல்லை.

இப்போது யோசித்தால் புரிகிறது. அந்தப் படத்தில் ஜன்னல் முழுக்க வெள்ளையாக எரிந்து, நிலையின் விளிம்பே கரைந்து கிடந்தது. அதிலிருந்து யாராலும் அளவு சொல்ல முடியாது.

மாட்ட வந்தவர் கொண்டுவந்தது 6 அடி ராடும் 7 அடி நீளத்தில் இரண்டு கர்ட்டனும். 7 அடி என்பது எந்தக் கடையிலும் கிடைக்கும் ரெடிமேட் கதவு அளவு. ராடை நிலைக்கு அரை அடி மேலே அடித்தால் துணி தரைக்கு அரை அடி தூக்கி நிற்கும். அதனால் துணிக்கு ஏற்ற மாதிரி ராடை நிலை விளிம்பிலேயே அடித்துவிட்டார். நியாயமாக ராடின் இடத்தைத் தீர்மானித்த பிறகுதான் நீளமே வரவேண்டும். எங்கள் ஜன்னலுக்கு ராடு ஏழரை அடியில். ரிங் வைத்த துணி ராடுக்கு மேல் ஒன்றரை அங்குலம் எழும்பும், தரை துடைக்கக் கீழே ஒரு அங்குலம் விடவேண்டும். ஆக நீளம் ஏழரை அடி. தைத்துத்தான் வாங்க வேண்டும்.

அகலமும் அப்படியே. ராடு நிலையின் அகலமே இருந்தால் பக்கவாட்டில் வெயில் வழியும். மே மாதம் சூரியன் மேற்கிலிருந்து வடக்கே தள்ளி இறங்கும், டிசம்பரில் தெற்கே தள்ளி. அதனால் இரண்டு பக்கமும் அரை அடியாவது கூடுதல் வேண்டும், அதாவது 7 அடி ராடு. துணி அதைப் போல் இரண்டு மடங்கு, 14 அடி. எனக்கு வந்தது 4 அடி அகலத்தில் இரண்டு, மொத்தம் 8 அடி. மடிப்பே விழாமல் போர்வை காயப்போட்ட மாதிரி தொங்குகிறது.

கனம்தான் பெரிய ஏமாற்று. 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் என்றார்கள். 4 அடிக்கு 7 அடி என்றால் ஏறக்குறைய 2.6 சதுர மீட்டர், 780 கிராமாவது இருக்கவேண்டும். சமையலறைத் தராசில் வைத்தேன். ரிங்கோடு சேர்த்து 390. சொன்னதில் பாதி. பின்பக்கம் வெள்ளை லைனிங் வரும் என்றதும் பொய். துணிக்குப் பின்னால் கையை வைத்தால் விரல்களை எண்ணலாம்.

போன் செய்தேன். முதலில் "ஒரு வாஷ் போட்டா துணி செட் ஆயிடும் மேடம்." அப்புறம் "நீங்க அனுப்புன போட்டோவ வச்சுத்தானே செஞ்சோம்." கடைசியில் "அளவுக்குத் தைச்சதுக்கு ரிட்டர்ன் கிடையாது." அளவே எடுக்காமல், ரெடிமேட் லேபிளோடு வந்த துணிக்கு இந்தப் பதில்! இன்று காலையிலிருந்து போனே எடுப்பதில்லை. 13,400 ரூபாய்!

விவரமாக எழுதப் பொறுமை இல்லை. இதை மட்டும் செய்யுங்கள். டேப்பை வைத்து நீங்களே அளந்து, எண்ணை எழுதி அனுப்புங்கள். துணித்துண்டு கேட்டு வாங்கி, அந்த ஜன்னலிலேயே மதியம் நாலு மணிக்குப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி வழியாக உள்ளே வந்த சூட்டைக் கனமான துணியும் முழுக்கத் தடுக்காது, அதைத் தடுக்கும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள்.

அப்பா இப்போது கண்ணில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்.