தக்காளிக்குப் போன வாசகர் தொக்கில் விழுந்த கதை: ஸ்லக் பற்றிய என் அனுபவம்

பிளாகரில் தமிழில் எழுதியவர்களுக்கு blog-post_25.html என்ற முகவரி நன்றாகவே தெரிந்திருக்கும். தலைப்பு தமிழில் இருந்தால் பிளாகருக்கு அதிலிருந்து எடுக்க ஒன்றும் கிடைக்காது. ஒரு பொதுப்பெயரும் எண்ணும் போட்டுவிடும். அந்த எரிச்சலில்தான் வேர்ட்பிரஸுக்கு மாறினேன். அங்கே முகவரியின் கடைசிப் பகுதியான ஸ்லக்கில் தமிழ் எழுத்துகளே வந்தன. முதல் சில வாரம் எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் 'மாடித் தோட்டத்தில் தக்காளி வளர்ப்பு' என்று ஒரு பதிவு போட்டேன். முகவரிப் பட்டையில் வந்தது 'மாடித்-தோட்டத்தில்-தக்கா'. அவ்வளவுதான், ளியைக் காணோம். காரணம் எளிது. வேர்ட்பிரஸ் ஸ்லக்குக்கு 200 இடம்தான் ஒதுக்கியிருக்கிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் அதில் ஒன்பது இடம் பிடிக்கும். 'க' என்பது உள்ளே %e0%ae%95 என்றுதான் சேமிக்கப்படுகிறது. புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாமே தனிக் குறிகள். 'க்கா' ஒன்றுக்கே நான்கு குறிகள் ஆகிவிடும். ஆக மொத்தம் 22 குறிகளோடு கதை முடிகிறது. வாட்ஸ்அப்பில் அதே முகவரியை ஒட்டினால் சதவீதக் குறிகளாக நாலைந்து வரி நீளும். அதைப் பார்த்துவிட்டு வைரஸா என்று கேட்டவர்களும் உண்டு.

தமிழ் ஸ்லக் தவறு என்று சொல்லமாட்டேன், கூகுளுக்கு அது புரியும். இரண்டு மூன்று சின்னச் சொற்களுக்குள் அடங்கினால் நானே வைப்பேன். மற்றபடி ஆங்கில எழுத்தில், சிற்றெழுத்தில், இடையில் கிடைக்கோடு போட்டு எழுதுகிறேன். ஆண்டைச் சேர்ப்பதில்லை. maadi என்பதா madi என்பதா என்று ஒருமுறை முடிவு செய்துகொண்டு அதையே பிடித்துக்கொள்வது நல்லது; நான் இரண்டையும் கலந்து எழுதிவிட்டு, என் பதிவுகளை நானே தேட வேண்டியதாயிற்று.

சரி, தக்காளிக்கு வருவோம். பதிவைப் போட்ட அன்றே, யாருக்கும் அனுப்புவதற்கு முன், ஸ்லக்கை thakkali என்று மாற்றினேன். அதில் ஆபத்து எதுவும் இல்லை. ஒரு வருடம் கழித்து, பதிவு நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, இன்னும் தெளிவாக இருக்கட்டும் என்று maadi-thakkali ஆக்கினேன். தேவையே இல்லாத வேலை. ஆனாலும் பழைய சுட்டிகள் உடையவில்லை. வெளியான பதிவின் ஸ்லக்கை மாற்றும்போது வேர்ட்பிரஸ் பழையதை _wp_old_slug என்று குறித்து வைத்துக்கொள்கிறது. பழைய முகவரிக்கு வருபவரை 301 என்ற நிரந்தரத் திருப்புதல் போட்டுப் புதியதற்கு அனுப்புகிறது. இது பதிவுகளுக்குத்தான், பக்கங்களுக்குக் கிடையாது.

அந்தத் தைரியத்தில்தான் பெரிய தப்பைச் செய்தேன். தக்காளித் தொக்கு பற்றி எழுதியபோது thakkali என்று கையால் அடித்தேன். அந்த ஸ்லக் இப்போது எந்தப் பதிவிலும் இல்லை என்பதால் வேர்ட்பிரஸ் மறுக்கவில்லை, பின்னால் -2 கூடச் சேர்க்கவில்லை. பழைய ஸ்லக் பட்டியலை அது அப்போது பார்ப்பதில்லை. முகவரியில் எதுவும் இல்லாமல் 404 பிழை வந்தால்தான் அந்தப் பட்டியல் வேலை செய்யும். இப்போது அந்த முகவரியில் ஒரு பதிவு இருக்கிறதே! அதனால் மற்றவர்கள் அந்த ஒரு வருடத்தில் கொடுத்திருந்த வளர்ப்புச் சுட்டியெல்லாம் தொக்குக்குப் போயின. எந்தப் பிழை அறிக்கையிலும் இது வராது. "செடியில் பூ உதிர்கிறது என்று கேட்டால் கடுகு தாளிக்கச் சொல்கிறீர்களே" என்று ஒரு வாசகர் எழுதிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

உடனே தொக்கின் ஸ்லக்கை thakkali-thokku ஆக்கினேன். அதிலும் சிக்கல். இப்போது தொக்கின் பழைய ஸ்லக்காகவும் thakkali பதிவாகிவிட்டது. ஒரே பழைய பெயருக்கு இரண்டு பதிவுகள் உரிமை கொண்டாடினால், தரவுத்தளத்தில் எது முதலில் கையில் சிக்குகிறதோ அங்கேதான் வேர்ட்பிரஸ் அனுப்பும். அதை நம்பாமல் Redirection என்ற செருகுநிரலைப் போட்டு, /thakkali/ வந்தால் /maadi-thakkali/ போக வேண்டும் என்று நானே விதி எழுதினேன். சோதித்துப் பார்க்க முனையத்தில் இந்த ஒரு வரி போதும் (example.com இருக்கும் இடத்தில் உங்கள் தளத்தின் பெயர்):

```
curl -I https://example.com/thakkali/
```

முதல் வரியில் 301, Location வரியில் சரியான முகவரி. இரண்டையும் பார்க்க வேண்டும். 200 வந்தால் வேறு பதிவு ஏதோ அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். உலாவியில் திறந்து பார்த்தால் இந்த வித்தியாசம் சட்டென்று கண்ணில் படாது.

இப்படிப்பட்ட திருப்புதலைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நான் எடுப்பதே இல்லை. கைவிட்ட ஸ்லக்குகளை ஒரு விரிதாளில் எழுதி வைத்திருக்கிறேன். புதுப் பதிவுக்குப் பெயர் வைக்கும் முன் அதில் ஒருமுறை தேடிவிடுவேன். போன மாதம் vengayam என்று அடிக்கப் போனேன். பட்டியலில் இருந்தது.