கந்த சஷ்டி கவசமா, சண்முக கவசமா? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

ரெண்டுமே முருகன்கிட்ட காவல் கேக்குற பாட்டுதான், ஆனா தாளம் வேற.

தேவராய சுவாமிகளோட கந்த சஷ்டி கவசம்: காப்பு வெண்பாவுக்கு அப்புறம் வரிக்கு நாலு சீர். 'சஷ்டியை / நோக்கச் / சரவண / பவனார்'னு நாலு தட்டு தட்டினா உக்காந்துடும்.
பாம்பன் சுவாமிகளோட சண்முக கவசம் (1891): ஆறு சீர் விருத்தம். 'அண்டமாய் அவனி யாகி'ன்னு மூணு, ஒரு சின்ன மூச்சு, அப்புறம் 'அறியொணாப் பொருள தாகி'ன்னு மூணு.

எங்க தடுக்கும்? சஷ்டி கவசத்துல 'டிகுகுண டிகுடிகு'ன்னு வர்ற இடம், நானும் ரெக்கார்டு கூடவே ஓடி முழுங்கிட்டேதான் இருந்தேன், பாட்ட நிறுத்திட்டு பாதி வேகத்துல ஒவ்வொரு சீருக்கும் ஒரு தட்டுன்னு சொன்னப்பதான் நாக்கு பழகுச்சு. தட்டு மிஞ்சினா எதையோ முழுங்கிட்டீங்கன்னு அர்த்தம். சண்முக கவசத்துல அந்த ஓட்டம் இல்ல, சேர்ந்த சொல்லப் பிரிச்சுப் படிக்கணும், அவ்ளோதான்.

மனப்பாடம்? சஷ்டில 'காக்க'ன்னே வரி வரியா முடியுறதால எந்த உறுப்புல நிக்கிறோம்னே மறந்துடும் (கண்ணு முடிஞ்சு காதா மூக்கா!). சண்முகத்துல 30 பாட்டு, 12 உயிர் 18 மெய் வரிசையில தொடங்கும், அதனால அடுத்த எழுத்தே எடுத்துக்குடுக்கும்.

வீட்ல கேட்டுக் கேட்டு காதுல ஏற்கனவே இருந்தா சஷ்டி. புத்தகத்தப் பாத்து தினம் ஒரு பாட்டா சேக்கணும்னா சண்முகம், நான் அதத்தான் சொல்லுவேன்.