கொழிஞ்சாம்பாறையில் என் நாடி 101

ஷார்ஜாவிலிருந்து பிரசவத்துக்காக ஊருக்கு வந்தபோது எனக்கு 26 வாரம். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஏப்ரல் வெயில் எப்படி இருக்கும் என்பதையே மறந்து போயிருந்தேன். வந்த மூன்றாம் நாள் காலை, படுக்கையை விட்டு எழும் முன்பே கைக்கடிகாரம் நாடித்துடிப்பு 101 என்று காட்டியது. முந்தைய இரண்டு நாள் 98, 99.

நான் எண்களைக் குறித்து வைக்கிற ஆள். கருத்தரிக்கும் முன் காலை நாடி 68. 12-ஆம் வாரம் 75, 20-இல் 80, 25-இல் 84. இந்த ஏற்றத்துக்குக் காரணம் உண்டு. கர்ப்பம் தொடங்கியதுமே ஹார்மோன்கள் ரத்தக்குழாய்களைத் தளர்த்திவிடுகின்றன. உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு மெல்லக் கூடி, கடைசி மாதங்களில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது. அத்தனையையும் சுற்றி அனுப்ப இதயம் வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. கடைசி மூன்று மாதத்தில் பழைய அளவைவிட 10 முதல் 20 துடிப்பு கூடியிருப்பது வழக்கம். ஆனால் அது படிப்படியாக ஏறும். எனக்கு ஒரே வாரத்தில் 84-இலிருந்து 100-ஐத் தொட்டது அப்படி ஏறியதல்ல.

"ரெண்டு உசிருக்கு ஓடுற நெஞ்சு, அப்படித்தான் கண்ணு இருக்கும்" என்றார் அம்மா. சரி, எதற்கும் பார்த்துவிடலாம் என்று ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போதே விரலில் கிளிப்பை மாட்டினார்கள். 118. "டென்ஷன்தான், ஜூஸ் குடிங்க" என்று சொல்லி 400 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மாடி ஏறியதும் எடுத்த நாடியை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் எங்கள் தெருவுக்குச் சுகாதாரப் பணியாளராக வரும் ஆஷா அக்கா அரசு சுகாதார சப்சென்டருக்கு அழைத்துப் போனார். பணம் எதுவும் வாங்கவில்லை. அங்கிருந்த சிஸ்டர், பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுபவர், முதலில் தண்ணீர் கொடுத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வைத்தார். மல்லாந்து படுக்க விடவில்லை. வளர்ந்த கர்ப்பப்பை பெரிய ரத்தநாளத்தை அழுத்தி, அதனாலேயே நாடி ஏறும் என்றார். பிறகு மணிக்கட்டில் விரல் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணினார். 104.

அடுத்து கேள்விகள். காய்ச்சல் உண்டா? ரத்தப்போக்கு உண்டா? விமானத்தில் வந்ததால் ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறதா, நெஞ்சு வலிக்கிறதா? கர்ப்பத்தில் ரத்தம் எளிதில் உறையும் என்பதால் இதைக் கேட்டாராம். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். "இரும்பு மாத்திரை?" என்றார். மலச்சிக்கல் தாங்காமல் ஒன்றரை மாதமாக நிறுத்தியிருந்ததை அம்மா முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அங்கேயே ஹீமோகுளோபின் பார்த்தார்கள். 9.1. ஷார்ஜாவில் 12-ஆம் வாரம் 11.2 இருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள் குறைந்தால் இதயம் வேகத்தைக் கூட்டித்தான் ஈடுகட்டும். வெயிலில் உடம்பு வற்றியதும் சேர்ந்துகொண்டது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் தைராய்டும் ஈசிஜியும் பார்த்தார், இரண்டும் சரியாக இருந்தன. தினம் இரண்டு இரும்பு மாத்திரை எழுதினார். மாத்திரையோடு டீயும் பாலும் சேர்க்கக் கூடாது, இடைவெளி வேண்டும் என்றார்.

நாடி எவ்வளவு ஏறினால் போன் செய்வது என்று டாக்டரிடமே கேட்டேன். உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகும் 100-க்கு மேலாகவே இருந்து, வேறு தொந்தரவு இல்லையென்றால் ஓரிரு நாளில் சொல்லலாம். திரும்பத் திரும்ப 110-ஐத் தாண்டினால் அன்றே கூப்பிட வேண்டும். 120-க்கு மேல் போய், கால் மணி நேரம் கழித்தும் இறங்காவிட்டால் நேராக ஆஸ்பத்திரி. சுவிட்ச் போட்டதுபோல் திடீரென்று 150-க்கு மேல் ஓடினாலும் அப்படித்தான், அது இதயத்தின் மின்னோட்டக் கோளாறாக இருக்கலாம். நெஞ்சு வலி, மயக்கம், ரத்தப்போக்கு, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், இவற்றில் ஒன்று இருந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைக்கச் சொன்னார். படுத்தால் மூச்சு முட்டி, தலையணையை உயர்த்திக்கொண்டே போக வேண்டியிருந்தால், நாடி 95 என்றாலும் உடனே வரச் சொன்னார். கடைசி மாதத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் சிலருக்கு இதயத்தசை பலவீனமாவது அப்படித்தான் தொடங்குமாம்.

நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபின் 10.3, காலை நாடி 89. இன்னும் 84-க்கு இறங்கவில்லையே என்று சிஸ்டரிடம் முறையிட்டேன். "இப்போ முப்பதாவது வாரமல்லவா, அந்த எண்பத்துநாலு இனி வராது" என்று சொல்லிவிட்டு அட்டையில் 89-ஐ எழுதினார்.